தையல் மெஷினுக்குப் பின்னால் கிடந்த நோட்டு: மகனிடம் கத்தியதை எழுதிப் பார்த்த ஒரு தாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. அங்கே மாதம் இரண்டு சனிக்கிழமை வாசகசாலையில் கூடும் பெற்றோர் குழுவை நடத்துகிறவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறோம். தாயின் சம்மதம் உண்டு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். எழுதிய பக்கங்களிலிருந்து அவர் அனுமதித்த வரிகள் மட்டும் இங்கே வருகின்றன.

பின்னணி

தாய்க்கு 34 வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். கணவர் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு இரவு வீட்டில் இருக்கமாட்டார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. மாமியாரும் உடன் இருக்கிறார். வீட்டில் பேச்சு தமிழ்தான்.

இந்தப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. தாயும் மகளும் அப்படிப் படித்தவர்கள். மகனை மட்டும் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே மலையாளம் கட்டாயம். 2017-இல் கேரளம் சட்டமாக்கிய பிறகு எந்தப் பாடத்திட்டப் பள்ளியும் அதை விட்டுவிட முடியாது. பையனுக்குப் புதன்தோறும் மலையாளக் கேட்டெழுத்து, பத்துச் சொல். தாய்க்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆசிரியை டைரியில் எழுதி அனுப்புவதைப் பக்கத்து வீட்டு பிளஸ் ஒன் மாணவியிடம் காட்டித்தான் தெரிந்துகொள்வார். இந்த விஷயம் எங்களுக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

நடந்தது

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை 7.35. பள்ளி வேன் 7.50-க்கு வரும். அளவு டேப்பைத் தேடியபோது தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கேட்டெழுத்து நோட்டு கிடந்தது. முந்தைய வாரப் பக்கத்தில் பத்துக்கு மூன்று. அடியில் சிவப்பு மையில் ஏதோ எழுதி, பெற்றோர் ஒப்பு போட ஒரு கோடு இழுத்திருந்தது. இந்த வாரப் பக்கத்தில் பத்துக்கு இரண்டு. அங்கேயும் அதே கோடு.

தாய் கத்தினார். இரண்டு நிமிடம் இருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார். நோட்டை விசிறினார். அது பையன் மேல் படவில்லை, தட்டத்தில் பட்டது. பையன் இட்லியைத் தொடாமல் எழுந்து பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். அழவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் பையைத் திறக்க விடாமல் மடியிலேயே வைத்திருந்தான். மறுநாள் காலை வயிற்றுவலி என்றான். பள்ளிக்குப் போகவில்லை.

அவசரமாகக் கேட்ட மன்னிப்பு

வியாழன் இரவே தாய் சமாதானத்துக்கு முயன்றார். கடையில் வாங்கி வந்த கேக்கை நீட்டி, “அம்மா கத்தினது தப்புதான் கண்ணு. ஆனா நீ நோட்டை ஒளிச்சு வெச்சா எனக்குக் கோவம் வராதா?” என்றார். பையன் “செரி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கேக்கை மறுநாள் அக்காதான் தின்றாள்.

இந்த மன்னிப்பு ஏன் பிடிபடவில்லை என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். “ஆனா” என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைக் குழந்தை காதில் வாங்குவதில்லை. பின்னால் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த வாக்கியத்தின் கடைசியில் குற்றவாளியாக நின்றவன் பையன்தான். போதாததற்கு அது கேள்வியாகவும் முடிந்தது. எட்டு வயதுக் குழந்தை அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

தாய் இதற்கு முன் எங்கள் கூட்டத்துக்கு இரண்டு முறை வந்திருந்தார். கத்திய சம்பவத்தை எழுதிப் பார்க்கும் முறை அவருக்குத் தெரியும். வெள்ளி இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அளவு எழுதும் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதினார். சனிக்கிழமை அதைக் கொண்டுவந்தார்.

முதல் பக்கத்தில் கண்டது

31 வரி. அதை உட்கார்ந்து எண்ணினோம். மதிப்பெண் போடுவதற்காக எண்ணவில்லை. எழுதியவரின் கண் எங்கே போயிருக்கிறது என்று வரிக்கணக்கு காட்டிவிடும். மகன் செய்தது 19 வரி: ஒளித்தது, பொய் சொன்னது, டிவி பார்ப்பது, போன மாதம் குடையைத் தொலைத்தது. கணவரும் மாமியாரும் 6 வரி. “நான் மோசமான அம்மா” என்ற பொருளில் 4 வரி. தான் செய்ததைப் பற்றி 2 வரி: “கோவம் வந்து சத்தம் போட்டுட்டேன். நோட்டு கீழ விழுந்துருச்சு.”

நோட்டு தானாக விழவில்லை. எங்கள் கூட்டத்தில் படிக்கப்படும் முதல் பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். செய்த செயல் “ஆகிவிட்டது” என்று மாறிவிடும். தட்டிவிட்டேன் என்று வராது, கை பட்டுவிட்டது என்று வரும். தமிழ் இதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. அதனால் பக்கத்தைத் திருத்தும்போது வினைச்சொற்களைத்தான் முதலில் பார்க்கிறோம். “விழுந்துருச்சு” என்று இருந்தால், யார் கையிலிருந்து என்று ஓரத்தில் எழுதச் சொல்கிறோம்.

அந்த 4 வரி சுயநிந்தையையும் சும்மா விட முடியாது. உண்மையை ஒப்புக்கொள்வதுபோல இருந்தாலும் அது வேறு வேலையைச் செய்கிறது. “நான் மோசமான அம்மா” என்றதும் படிப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றுகிறது. பேச்சு அம்மாவைப் பற்றியதாகிவிடுகிறது. 7.35-க்கு அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பது மறுபடியும் மறைந்துபோகிறது. அந்த வரிகளை அடிக்கச் சொன்னோம். தாய்க்கு அது பிடிக்கவில்லை. “அதுதான் மேடம் உண்மையா எழுதினது,” என்றார்.

இரண்டாம் எழுத்து: எடுத்த முடிவுகளும் காரணமும்

சிந்தித்து எழுதுவதற்குப் பயிற்சி வகுப்புகளில் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் முன்வைத்த ஆறு படிச் சுழற்சியைப் பயன்படுத்துவார்கள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்த திட்டம். நாங்கள் அதில் ஒரு மாற்றம் செய்கிறோம். உணர்வை இரண்டாவதாக வைக்காமல் கடைசிக்குப் பக்கத்தில் தள்ளுகிறோம். பெற்றோர் எழுத்தில் உணர்வு முன்னால் வந்தால் விவரிப்பை விழுங்கிவிடுகிறது.

ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வையொட்டி, நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் மனதில் இருப்பதைக் கொட்டி எழுதும் முறையும் உண்டு. அது எழுதுகிறவரின் பாரத்தை இறக்குவதற்கான முறை. இந்தத் தாய் முதல் பக்கத்தில் செய்தது ஏறக்குறைய அதுதான். அதனால் அவர் வெள்ளி இரவு நன்றாகத் தூங்கினார். பையனுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பாரம் இறங்கிவிட்டதால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுவதுதான் இங்கே நேரும் முக்கியமான பிழை.

சனி இரவு அவரிடம் கேட்டது இது. புதுத் தாள், நீல மை, பத்து நிமிடம். சுவரில் மாட்டிய கேமராவுக்குத் தெரியக்கூடியதும் கேட்கக்கூடியதும் மட்டும் எழுத வேண்டும். நேரம், யார் எங்கே நின்றது, கை என்ன செய்தது, வாயில் வந்த சொற்கள் வந்தபடியே. “வேணும்னே ஒளிச்சான்” என்பது கேமராவுக்குத் தெரியாது. அப்படி ஏதாவது வந்துவிட்டால் அடியில் சிவப்புக் கோடு. எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: எழுதாமல் விட்ட வாக்கியம் எது?

இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் பெரிதாக நம்புகிறோம். இரண்டு நிமிடம் கத்தியவர்களுக்கு ஏழெட்டு வாக்கியம் நினைவில் இருக்கும். ஒன்று மட்டும் எழுத்தில் வராது. சத்தத்தைவிட அதுதான் குத்தியிருக்கும். ஞாயிறு காலை அவர் போனில் படித்துக்காட்டிய பக்கத்தின் நடுப்பகுதி:

“நான் மெஷின்கிட்ட நின்னேன். அவன் தட்டத்து முன்னாடி உக்காந்திருந்தான். இது என்னன்னு கேட்டேன். அவன் பேசல. ரெண்டு மார்க்கா, ரெண்டு மார்க்கான்னு மூணு தரம் கேட்டேன். நோட்டை எறிஞ்சேன். சாம்பார் அவன் கால்ல தெறிச்சுது. உங்கக்கா இப்படியா இருந்தான்னு கேட்டேன்.”

இதற்குப் பிறகு ஒரு வரி இடம் விட்டு:

“உன்னால எனக்கு அசிங்கமா இருக்குன்னு சொன்னேன்.”

சாம்பார் தெறித்தது முதல் பக்கத்தில் இல்லை. கடைசி வரியும் இல்லை.

அதன் பிறகுதான் காரணம் எழுதச் சொன்னோம். காரணத்தையும் சாக்கையும் பிரிக்க ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறோம். வாக்கியத்திலிருந்து குழந்தையை எடுத்துவிட்டாலும் அது நிற்க வேண்டும். “அவன் ஒளிச்சதால கோவம் வந்தது” நிற்காது. “முந்தின ராத்திரி ஒரு மணி வரைக்கும் கல்யாண ஆர்டர் தைச்சேன்” நிற்கும். அவர் எழுதியவற்றில் அப்படி நின்றவை இரண்டு. ஒன்று தூக்கம். மற்றொன்று, “அந்தச் சிவப்பு எழுத்து என்னன்னே எனக்குத் தெரியல.” இரண்டாவதை நாங்கள் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் தவறு.

மகனிடம் பேசியது

இரண்டாம் பக்கத்தை அப்படியே மகனிடம் படிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். எழுத்து பெரியவருக்கானது. அதில் உள்ள களைப்பும் பணக்கவலையும் குழந்தை தூக்க வேண்டிய சுமை அல்ல. பக்கத்திலிருந்து நான்கு வாக்கியம் மட்டும் எடுக்கச் சொன்னோம்: நான் செய்தது, நான் சொன்ன சொல், அது உன் தப்பில்லை என்பது, இனி நோட்டைக் காட்டினால் நான் என்ன செய்வேன் என்பது. கேக் கூடாது, “ஆனா” கூடாது, “மன்னிச்சிடு” என்று கெஞ்சக் கூடாது. மன்னிப்பு கேட்டால் அதைக் கொடுக்க வேண்டிய கடமை குழந்தைக்கு வந்துவிடுகிறது. அழுகை வந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரவேண்டும். அம்மா அழுதால் தேற்றுகிற வேலை அவன் தலையில் விழும்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குத் திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது பேசினார். முகத்துக்கு நேராக உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தது நல்லதாயிற்று. கைக்கு வேலை இருந்தது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் சொன்னது:

“வியாழக்கிழமை காலைல நான் உன் நோட்டைத் தூக்கி எறிஞ்சேன். அசிங்கம்னு சொன்னேன். நீ ரெண்டு மார்க் வாங்கினாலும் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது, அது என் தப்பு. இனிமே நோட்டைக் காட்டினா மெஷின் மேல வெச்சுட்டு, சாயந்திரம் உக்காந்து பாக்கலாம்.”

பையன் நாலைந்து கடலைக்காய் உரித்தான். பிறகு, “நீ அசிங்கம்னு சொன்னே. நான் அசிங்கமா?” என்றான்.

தாய் எழுதியிருந்தது “எனக்கு அசிங்கமா இருக்கு” என்று. பையன் காதில் விழுந்தது “நீ அசிங்கம்” என்று. இந்த இடத்தில் பலர் இடறுவார்கள். “நான் அப்படிச் சொல்லலையே கண்ணு, எனக்கு அசிங்கமா இருக்குன்னுதான் சொன்னேன்” என்று திருத்தத் தோன்றும். திருத்தினால் பேச்சு சாட்சி விசாரணையாகிவிடும். அவன் நாலு நாள் சுமந்த சொல் அதுதான். அதை அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது. இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம், ஏனென்றால் பெற்றோர் பக்கமும் குழந்தையின் நினைவும் அப்படியே ஒத்துப்போவது அரிது. தாய் சொன்னார்: “உனக்கு அப்படிக் கேட்டுச்சா. கேக்கற மாதிரிதான் நான் சொல்லியிருக்கேன். இல்ல கண்ணு, நீ அசிங்கம் இல்ல.”

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள். பையன் கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. தொலியை அள்ளி வெளியே கொட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்று இரவு தாய் எங்களுக்கு அனுப்பிய செய்தி: “ஒண்ணும் ஆகலைங்க.”

பிறகு நடந்தவை

திங்கள் பள்ளிக்குப் போனான். வயிற்றுவலி வரவில்லை. வியாழன் காலை நோட்டைத் தானே எடுத்து வந்தான். பத்துக்கு மூன்று. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கால் வாசற்படிக்கு வெளியே, கையை மட்டும் உள்ளே நீட்டி. ஓடத் தயாராக நின்றான் என்று தாய் சொன்னார். சொன்னதைச் செய்வாளா என்று குழந்தை இப்படித்தான் சோதிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைவிட இந்த அரை நிமிடம் முக்கியம். தாய் நோட்டைத் திறக்காமல் மெஷின் மேல் வைத்தார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார். “சாயந்திரம் பாக்கலாம் சாமி, வேன் வருது” என்றார். திறந்து பார்த்திருந்தால் கத்தியிருப்பேன் என்று சனிக்கிழமை ஒப்புக்கொண்டார். ஆகவே திட்டத்தில் பொறுமையைவிட நோட்டைத் திறக்காமல் வைத்ததுதான் உதவியது.

மூன்றாம் வாரம் அந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். மலையாளம் தெரிந்த ஒருவர் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பையன் தாறுமாறாகத் தப்பு செய்யவில்லை. தமிழில் ஒரே ‘க’. மலையாளத்தில் அந்த வரிசையில் ஒலிப்புக்கு ஒன்றாக நான்கு எழுத்து. ‘முகம்’ என்பதற்கு இரண்டாவது எழுத்து வேண்டும். ‘கடிகாரம்’ நான்காவதில் தொடங்குகிறது. பையன் இரண்டுக்கும் முதல் எழுத்தையே போட்டிருந்தான். ப, த வரிசைகளிலும் அதே கதை. தமிழ்க் காதுக்கு இது இயல்பான தப்பு. சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்ததும் அதுதான்: எழுத்து அழகாக இருக்கிறது, வர்க்க எழுத்துகளை வீட்டில் தினமும் சொல்லிப் பழக்குங்கள். திட்டு என்று நினைத்துத் தாய் எறிந்த பக்கம் அது.

தாய் அன்று மூன்றாவது முறை எழுதினார். ஐந்தே வரி. அதில் ஒரு வரி: “எனக்குத்தான் படிக்கத் தெரியலங்கற அசிங்கம். அதை அவன் மேல எறிஞ்சேன்.” இதை மகனிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு மாணவியிடம் இருவருமாக மாலையில் 15 நிமிடம் உட்கார ஏற்பாடு செய்துகொண்டார். ஐந்தாம் வாரம் பையன் ஐந்து வாங்கினான், ஆறாம் வாரம் நான்கு.

ஐந்தாம் வாரத்தில் இன்னொரு முறை கத்தினார். தைத்த துணியில் பையன் கொட்டிய எண்ணெய்க்காக. அந்த முறை பக்கம் எழுதவில்லை. இருபது நிமிடம் கழித்துப் போய், சொன்ன சொல்லைப் பெயர் சொல்லி எடுத்து, தப்பு என்றார். “இன்னொரு சொல்லும் சொன்னே, அத விட்டுட்டே,” என்று பையன் சேர்த்துக்கொடுத்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெரிய விடுபடல் அக்கா. கத்தியபோது அவளும் அறையில் இருந்தாள். “உங்கக்கா இப்படியா” என்ற வாக்கியம் அவளையும் இழுத்தது. தாயின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தும் நாங்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அவள் தம்பியை “அசிங்கம்” என்று கூப்பிட்டுக் கேலி செய்ததாகத் தெரிந்தபோதுதான் தாய் அவளிடம் தனியாகப் பேசினார். இப்போது கேமராப் பக்கத்தில் “அறையில் வேறு யார்” என்ற வரியைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். குழந்தையிடம் பேசும்போது, கத்தலைக் கேட்டவர்கள் முன்னாலும் சொல்லச் சொல்கிறோம்.

இரண்டாவது, சண்டைக்குப் பொருளாக இருந்த நோட்டை முதல் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். தாயின் மனதைப் பிரித்துப் பார்ப்பதில் இருந்த ஆர்வத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்த பக்கத்தை விட்டுவிட்டோம். எழுத்துக்கு இந்தக் குறை உண்டு. அது எழுதுகிறவர் அறிந்ததை மட்டுமே தரும்.

தந்தையை இதில் சேர்க்கவில்லை. அவர் இருந்த நாட்களில் கேட்டெழுத்துப் பேச்சே வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, கூட்டத்தில் சேரும் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிடுகிறோம். கத்தலோடு அடியும் இருந்தால், குழந்தை வாரக்கணக்கில் தூங்காமல், பள்ளிக்குப் போகாமல், படுக்கையை நனைத்தால், நோட்டும் பேனாவும் போதாது. குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 ஆகிய எண்களை வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்தக் குடும்பத்துக்கு அவை தேவைப்படவில்லை.

எழுதிய தாள்களைத் தாய் முதலில் அளவு நோட்டிலேயே வைத்திருந்தார். துணி கொடுக்க வருகிறவர்கள் புரட்டும் நோட்டு அது. இப்போது கிழித்து அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடட்டுமா என்று ஒரு முறை கேட்டார். பையனின் வகுப்புத் தாய்மார்கள் பலர் அவர் போனில் இருக்கிறார்கள். போடவில்லை.

எட்டாம் வாரம் நாங்கள் விசாரித்தபோது நோட்டு இன்னும் வியாழன் காலைதான் வெளியே வருகிறது, புதன் மாலை வருவதில்லை. ஆனால் மெஷின் மேல் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறானாம்.